சொல்லில்லாமல் வந்த படம்: ‘UE’ போலத் தெரிந்த ஒரு ‘OE’

படத்தில் இருந்தது இவ்வளவுதான்: கறுப்புக் கண்ணாடிப் பட்டை, அதில் சிவப்பாக ஒளிரும் இரண்டு எழுத்துகள், வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பொத்தான். வாஷிங் மெஷினின் பெயர் இல்லை, கதவு இல்லை, துணி இல்லை. கீழே ஒரு சொல்லும் இல்லை. வேறொருவரிடமிருந்து வந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறார் என்பதை மேலே இருந்த சின்ன அம்புக்குறி மட்டும் சொன்னது.

தஞ்சாவூரில் வீட்டு உபயோக மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் எனக்கு இது புதிதல்ல. வாரத்தில் பாதிச் செய்திகள் இப்படித்தான் வருகின்றன. திரையில் ஏதோ எழுதியிருக்கிறது, மெஷினே தன் நோயைச் சொல்லிவிட்டது, நாம் தனியாக என்ன எழுதுவது என்று அனுப்புகிறவர் நினைக்கிறார். அது நியாயமான நினைப்புதான். ஆனால் மெஷின் சொல்வது நோயின் பெயரை அல்ல. ‘நான் எதிர்பார்த்த ஒன்று குறித்த நேரத்துக்குள் நடக்கவில்லை’ என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் நடக்கவில்லை என்பது அதற்கே தெரியாது. இந்தப் படத்தில் அதற்கு மேல் இன்னொரு சிக்கலும் இருந்தது: மெஷின் சொன்னதைக் கைபேசி சரியாகப் பதிவு செய்யவில்லை.

அனுப்பியவர் பெங்களூரில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். படத்தை எடுத்தவர் இங்கே மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருக்கும் அவருடைய அம்மா. அம்மா மகனுக்கு அனுப்பினார். மகன் எழுத்துகளைப் பார்த்து இணையத்தில் தேடி, ‘UE என்றால் துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், கதவைத் திறந்து துணியைப் பரப்பிவிட்டு மறுபடி சுழலவிடுங்கள்’ என்று சொல்லியிருக்கிறார். தேடிக் கண்டுபிடித்தது தவறல்ல. அந்த மெஷின் வகையில் UE என்றால் அதுதான் பொருள்: பிழிவதற்காக டிரம் வேகமெடுக்கும்போது எடை சமமாக இல்லை, அதனால் நிறுத்திவிட்டேன் என்பது. ஒற்றைப் போர்வையையோ கனமான ஒரு ஜமுக்காளத்தையோ தனியாகப் போட்டால் அடிக்கடி வரும். யாரையும் கூப்பிட வேண்டிய பழுது அல்ல.

‘அம்மா செய்து பார்த்தார்களா?’ என்று கேட்டேன்.

‘கதவு திறக்கவில்லையாம் அண்ணா. அதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். கதவுப் பூட்டு வேறு போய்விட்டது போலிருக்கிறது’ என்றார்.

இந்த இடத்தில்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணி ஒரு பக்கம் சேர்ந்ததால் நின்ற மெஷின், டிரம் ஓய்ந்ததும் ஓரிரு நிமிடத்தில் கதவை விட்டுவிடும். விடாமல் பிடித்திருக்கிறது என்றால் பூட்டு பழுதாக இருக்கலாம். அல்லது கதவைத் திறந்தால் தரையில் கொட்டும் அளவுக்கு உள்ளே தண்ணீர் நிற்கிறது என்று அது நினைக்கலாம். ஒரே நாளில் இரண்டு தனித்தனிப் பழுதுகள் வருவதைவிட, இரண்டு அறிகுறிகளும் ஒரே காரணத்திலிருந்து வருவது மிக அதிகம் நடக்கும். தண்ணீர் நின்றால் அந்த வகை மெஷின் காட்ட வேண்டிய எழுத்து UE அல்ல, OE. அதாவது தண்ணீர் வெளியேறவில்லை.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கோடு. மெஷின் திரையில் ஒவ்வோர் எழுத்தும் ஏழு கோடுகளால் ஆனது: மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, இரு பக்கமும் இரண்டிரண்டு. நடுக்கோடு தவிர மற்ற ஆறும் எரிந்தால் அது O, அல்லது பூஜ்யம். அதில் மேல்கோடு மட்டும் அணைந்தால் U. இரண்டு குறியீடுகளும் பிழியும் கட்டத்தை ஒட்டியே வருகின்றன என்பதால், எப்போது நின்றது என்று கேட்டாலும் தெளிவு பிறக்காது. துவைத்து முடித்துப் பிழியப் போகும்போது நின்றது என்பதே இரண்டுக்கும் பதில்.

மேல்கோடு காணாமல் போக மூன்று வழிகள் உண்டு. அது உண்மையிலேயே எரியாமல் இருக்கலாம், ஏனென்றால் குறியீடே UE. அந்தக் கோட்டின் விளக்கு செத்திருக்கலாம். அல்லது விளக்கு நன்றாக எரிந்தும் கைபேசி அதைத் தவறவிட்டிருக்கலாம். மூன்றாவது வழி வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் வெளிச்சமான இடத்தில் எடுத்த படங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். காரணம் திரை எரியும் விதம்.

மூன்று எழுத்து கொண்ட திரையில் மொத்தம் இருபத்தொரு கோடுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுப்பதற்குப் பதிலாக, ஏழு கம்பிகளை மூன்று எழுத்துகளுக்கும் பொதுவாக வைத்து, எந்த எழுத்து இப்போது எரிய வேண்டும் என்பதற்கு இன்னொரு மூன்று கம்பிகள் வைப்பார்கள். பத்துக் கம்பியில் வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு விலையாக, எந்தக் கணத்திலும் ஒரே ஓர் எழுத்துதான் எரியும். முதல் எழுத்து சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி எரிந்து அணையும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது, மறுபடி முதலாவது. நம் கண் இந்த வேகத்தைப் பிரித்தறியாது. எல்லாம் சேர்ந்து எரிவதாகவே காணும்.

கைபேசியின் கேமரா அப்படி அல்ல. அது முழுப் படத்தையும் ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாகப் பதிந்துகொண்டு வருகிறது. இருட்டான அறையில் ஒவ்வொரு வரிசையும் நீண்ட நேரம் ஒளியை வாங்குவதால், திரையின் பல சுற்றுகள் அதற்குள் முடிந்துவிடும், எல்லா எழுத்தும் முழுதாக விழும். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் கிடைக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். அப்போது எழுத்தின் மேல்பகுதி பதியும் நேரத்தில் முதல் எழுத்து அணைந்திருந்து, கீழ்ப்பகுதி பதியும் நேரத்தில் எரியத் தொடங்கியிருந்தால், O-வின் தலை படத்தில் இருக்காது. பால்கனியில் வைத்த மெஷினை முற்பகலில் படம் எடுத்தால் இது நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

ஊகத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்போம். மேல்கோட்டின் விளக்கு மட்டும் செத்திருந்தால், அல்லது அது உண்மையான U-வாக இருந்தால், பக்கக் கோடுகள் தம் முழு நீளத்துக்கு, நுனி வரை ஒரே பிரகாசத்துடன் நிற்க வேண்டும். இந்தப் படத்தில் முதல் எழுத்தின் மேல் பக்கக் கோடுகள் இரண்டும் நுனியில் மங்கிக் கரைந்திருந்தன. கீழே வரவர எழுத்து பிரகாசமாகிறது. பக்கத்தில் இருந்த E-யோ இதற்கு நேர்மாறு: தலை பளிச்சென்று இருக்கிறது, அடிக்கோடு சற்று மங்கல். ஓர் எழுத்து கீழ்நோக்கி ஏறுகிறது, அடுத்தது கீழ்நோக்கி இறங்குகிறது. ஒன்று அணையும்போது மற்றது எரிந்ததன் தடயம் இது. கெட்டுப்போன விளக்கோ, கண்ணாடியில் விழுந்த வெளிச்சமோ இப்படி ஒரு சாயலைத் தராது. வெளிச்சம் விழுந்து மறைத்திருந்தால் ஒரே உயரத்தில் இருக்கும் E-யின் தலையும் சேர்ந்து மறைந்து, அது சின்ன t போல ஆகியிருக்கும்.

ஆக, படத்தில் UE இருந்தாலும் திரையில் இருந்தது பெரும்பாலும் OE. உறுதி செய்வது எளிது. அம்மாவின் எண்ணை வாங்கிப் பேசினேன்.

‘அம்மா, ஒரு துண்டை எடுத்துத் திரைக்கு மேலே நிழல் விழும்படி பிடித்துக்கொள்ளுங்கள். படம் வேண்டாம், ஐந்து நொடி வீடியோ எடுங்கள். பிறகு கதவின் வட்டக் கண்ணாடியையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்’ என்றேன்.

‘எழுத்து பளிச்சென்று தெரிகிறதே தம்பி, சைபரும் ஒரு E-யும்’ என்றார் அவர்.

நேரில் பார்த்தவருக்குச் சந்தேகமே இல்லை. படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அது U. அவரை யாரும் கேட்கவில்லை. படம் இருக்கும்போது கேட்பானேன் என்ற எண்ணம். வீடியோவிலும் சைபர் முழுதாக வந்தது. கண்ணாடிப் படத்தில், கதவு விளிம்புக்கு மேல் நான்கு விரல் உயரத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு சேலை முந்தானை.

இனிப் பழுதுக்குள் போகலாம். OE வந்தால் மெஷினுக்குத் தெரிந்தது என்ன? டிரம்மைச் சுற்றியிருக்கும் தொட்டியின் அடியிலிருந்து மெல்லிய ரப்பர் டியூப் ஒன்று மேலே போகிறது. தொட்டியில் தண்ணீர் ஏறினால் அந்த டியூபுக்குள் அடைபட்ட காற்று அழுந்தும். டியூபின் மேல்முனையில் இருக்கும் உணரி அந்த அழுத்தத்தை அளந்து, மெஷினை இயக்கும் மின்னணுப் போர்டுக்குச் சொல்லும். மெஷின் தண்ணீரைக் கண்ணால் பார்ப்பதில்லை, இந்தக் காற்றழுத்தத்தை வைத்தே அறிகிறது. பம்பை ஓடச் சொன்ன பிறகு, பொதுவாகப் பத்து நிமிட அளவுக்குள் அழுத்தம் இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் குறியீடு. பம்ப் எரிந்துபோனாலும், பம்பில் ஊக்கு சிக்கினாலும், குழாய் மடங்கினாலும், வீட்டு வடிகால் அடைத்தாலும், போர்டிலிருந்து பம்புக்கு மின்சாரம் வராவிட்டாலும் அழுத்தம் இறங்காது. எல்லாவற்றுக்கும் ஒரே குறியீடுதான். தண்ணீரெல்லாம் ஒழுங்காக வெளியேறி, அந்த மெல்லிய டியூப் மட்டும் சோப்புக் கசடால் அடைத்துக்கொண்டாலும் காற்று உள்ளேயே அழுந்தி நிற்கும். டிரம் வறண்டிருக்க மெஷின் தண்ணீர் இருப்பதாகச் சாதிக்கும். கண்ணாடிப் படம் கேட்டதற்கு அது முக்கியமான காரணம். கண்ணாடி வறண்டிருந்து OE வந்திருந்தால் பம்பைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இதே செய்தியை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. பாஷ் மெஷினில் E18 என்று வரும். சாம்சங்கில் முன்பு 5E, பிறகு 5C. அந்த 5-ஐப் பலர் S என்று படித்துச் சொல்வார்கள், ஏழு கோட்டில் இரண்டுக்கும் ஒரே உருவம்தான். வேர்ல்பூலின் சில மாடல்களில் F என்று தொடங்கும் ஒன்றும் E என்று தொடங்கும் இன்னொன்றும் மாறிமாறி ஒளிரும். படம் எடுத்தால் பாதிக் குறியீடுதான் கையில் இருக்கும். சில மெஷின்களில் வரும் CL பழுதே அல்ல, குழந்தைகள் பொத்தானை அழுத்தாதபடி போடும் பூட்டு. இதைப் படம் எடுத்து அனுப்பி, ‘உடனே வாருங்கள்’ என்பவர்கள் உண்டு. ஆகையால் எந்த நிறுவனம், எந்த மாடல் என்று தெரியாமல் எழுத்துக்கு மட்டும் பொருள் சொல்வதை நான் தவிர்த்துவிடுவேன். கதவைத் திறந்தால் உட்புற விளிம்பில் மாடல் எண் ஒட்டியிருக்கும். இங்கே கதவு திறக்காததால், அம்மா எடுத்துவைத்திருந்த விற்பனை ரசீதிலிருந்து கிடைத்தது.

அடுத்த கேள்வியைப் படமும் வீடியோவும் சொல்ல முடியாது. அது சத்தம். மெஷினை அணைத்துவிட்டு, மறுபடி இயக்கி, பிழிவதை மட்டும் தேர்ந்து தொடங்கச் சொன்னேன். பிழியும் முன் எந்த மெஷினும் முதலில் தண்ணீரை வெளியேற்றப் பார்க்கும். ‘கீழே காதை வைத்துக் கேளுங்கள் அம்மா, ஏதாவது ரீங்காரம் இருக்கிறதா?’

இருந்தது. ‘ம்ம்ம் என்று ஓடுகிறது, ஆனால் தண்ணீர் போகிற சத்தம் இல்லை’ என்றார்.

இந்த ஒரு வாக்கியம் என் பையின் கனத்தைப் பாதியாகக் குறைத்தது. ரீங்காரம் இருந்தால் போர்டு மின்சாரம் கொடுக்கிறது, பம்பின் சுருள் அறுபடவில்லை. மிச்சம் இருப்பது மூன்று இடங்கள்: பம்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர், பம்பின் விசிறி, பம்புக்குப் பின்னால் உள்ள குழாய். சத்தமே இல்லாமல் இருந்திருந்தால் மல்டிமீட்டரும் புதுப் பம்பும் எடுத்துப் போக வேண்டியிருக்கும்.

மகன் பெங்களூரிலிருந்து இணைப்பிலேயே இருந்தார். ஃபில்டர் என்று சொன்னதும், ‘அதை நாங்களே திறந்துவிடுகிறோம் அண்ணா, பக்கத்து வீட்டுப் பையன் இருக்கிறான்’ என்றார். எதிர்ப்பு இல்லை, ஆனால் வரிசை முக்கியம். முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். சூடான நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். இவர்கள் குளிர்நீரில்தான் போட்டிருந்தார்கள். முன்பக்கம் கதவுள்ள மெஷினின் அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் பெரிய திருகு ஒன்று, அதுதான் ஃபில்டர். பல மாடல்களில் அதன் பக்கத்தில் விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய், நுனியில் அடைப்பான். திருகைத் தொடாமல் முதலில் இந்தச் சின்னக் குழாயை வெளியே இழுத்து, தட்டையான பாத்திரத்தில் விட வேண்டும். நேராகத் திருகைக் கழற்றினால் உள்ளே நிற்கும் பத்துப் பதினைந்து லிட்டரும் ஒரே நேரத்தில் தரைக்கு வரும். பக்கெட் அங்கே பயன்படாது. குழாய் இருப்பது தரையிலிருந்து ஒரு சாண்கூட உயரமில்லாத இடம். சாப்பாட்டுத் தட்டோ, குழம்புப் பாத்திரத்தின் மூடியோதான் பொருந்தும். நிரம்ப நிரம்ப அடைப்பானைப் போட்டு, கொட்டி, மறுபடி வைக்க வேண்டும். பையன் பொறுமையாக அரை மணி நேரம் அதைச் செய்தான்.

ஃபில்டரிலிருந்து வந்தவை: பஞ்சு உருண்டை, ஒரு சட்டைப் பொத்தான், ஒரு ரூபாய் நாணயம். நாணயத்தை உள்ளங்கையில் வைத்து எடுத்த படம் எனக்கு உடனே வந்தது. இந்த முறையும் சொல் இல்லை, ஆனால் வெற்றிக் களிப்பு தெரிந்தது. மகனுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. நாணயம் ஃபில்டரின் கூண்டுக்குள் இருந்தது. அது அங்கே பிடிபடுவதற்காகத்தான் கூண்டே இருக்கிறது. கூண்டைத் தாண்டிப் போன ஊக்கு அல்லது ரவிக்கைக் கொக்கிதான் விசிறியை நிறுத்தும். பஞ்சும் பாதையை அடைக்கும் அளவுக்கு இல்லை, எலுமிச்சை அளவுதான். ஃபில்டர் துவாரத்துக்குள் விளக்கடித்து விசிறியை விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். ‘கொஞ்சம் சுற்றுகிறது, பிறகு வெட்டி வெட்டி நிற்கிறது, எதோ சிக்கியிருக்கிறது’ என்றான் பையன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களும் இந்த இடத்தில் ஏமாறுவார்கள். அந்த விசிறி ஒரு காந்தத்தோடு இணைந்தது. காந்தம் தன் இருப்பிடத்தை விட்டு நகர மறுத்து, பிறகு சட்டென்று எதிர்ப்பக்கம் தாவும். வெட்டி வெட்டிச் சுற்றினால் நல்ல பம்ப் என்று பொருள். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினாலோ, ஓர் இடத்துக்கு மேல் அசையவே மறுத்தாலோதான் கவலை.

ஃபில்டரை மாட்டி, கொஞ்சம் தண்ணீர் ஏற்றி, மறுபடி பிழியவிட்டார்கள். ரீங்காரம் வந்தது, சிறிது நேரத்தில் மறுபடி OE. நாணயம் குற்றமற்றவன் என்று நிரூபணமானது.

மாலையில் நானே போனேன். போனதும் செய்தது ஒரே சோதனை. சுவரில் இருக்கும் வடிகாலிலிருந்து மெஷினின் வெளியேற்றுக் குழாயை உருவி, அதன் நுனியைப் பக்கெட்டில் வைத்து, பிழியும் பொத்தானை அழுத்தினேன். குழாய் நிறையப் பாய்ந்தால் மெஷின் நல்லது, வீட்டு வடிகாலில் அடைப்பு. பிளம்பரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். பாயாவிட்டால் பழுது பம்புக்கும் பக்கெட்டுக்கும் நடுவில். ஒரு நிமிடம் ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்பை மாற்றிவிட்டு, பிறகு வடிகால்தான் அடைப்பு என்று கண்டுபிடித்த கதைகள் எங்கள் தொழிலில் நிறைய. இங்கே வந்தது ஈர்க்குச்சி பருமனுக்கு மெலிந்த ஒரு தாரை. தண்ணீர் வருகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் தொட்டி காலியாகும் வேகத்தில் இல்லை.

‘அம்மா, அண்மையில் மெஷினை யாராவது நகர்த்தினார்களா?’

‘பொங்கலுக்கு வெள்ளையடித்தார்களே தம்பி. இழுத்துவிட்டு, முடிந்ததும் திருப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போய்விட்டேன். இன்றைக்குத்தான் முதல் தடவை போடுகிறேன்.’

காலையிலேயே இதைக் கேட்டிருந்தால் நேராகப் பின்பக்கம் போயிருக்கலாம் என்று தோன்றும். கேட்டாலும் கண்ணாடி, சத்தம் என்ற இரண்டையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். மெஷினை நகர்த்திய பிறகு வரும் பழுதுகள் குழாயில் மட்டும் வருவதில்லை. மெஷினை முன்னால் இழுத்தேன். வெளியேற்றுக் குழாய், தண்ணீர் உள்ளே வரும் பித்தளைக் குழாயின் மேல் சாய்ந்து, மெஷினின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. ஒரே இடத்தில் அல்ல, இரண்டு இடத்தில். மேல் மடிப்பு மட்டும் இருந்தால் பம்ப் தள்ளிக்கொண்டு போயிருக்கும். கீழே இரண்டாவது மடிப்பில் குழாயின் சுவர்கள் ஏறக்குறைய ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வளையங்களாக நெளிந்த அந்த வகைக் குழாய் வளைவதைத் தாங்கும். பக்கவாட்டில் நசுக்குவதைத் தாங்காது, ஒரு முறை மடிந்த வரியிலேயே மறுபடி மறுபடி மடியும். நேராக்கிவிட்டால் போதும் என்று விடாமல் புதுக் குழாய் போட்டதற்கு அதுதான் காரணம்.

குழாய் எப்படி வைக்கப்பட வேண்டும் என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பெரும்பாலான மெஷின்களில் அதன் நுனி தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்துக்குள் ஓர் இடத்தில் ஏறி இறங்க வேண்டும். அதைவிட மிக உயரத்தில் வைத்தால் பம்ப் தள்ளத் திணறும், மறுபடி OE வரலாம். தரையிலேயே கிடத்தி, தரை வடிகாலுக்குள் நுழைத்தால் நேர் எதிரான பழுது வரும்: பம்ப் ஓடாமலேயே தண்ணீர் தானாக வெளியே இழுபடும், தொட்டி நிறையவே நிறையாது, ‘தண்ணீர் வரவில்லை’ என்ற குறியீடு திரையில் எரியும். தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தால் தண்ணீர் நன்றாக வரும். வீட்டுக்காரர் குழம்பிப் போவார். குழாய் நுழையும் வாயைத் துணி சுற்றியோ சிமெண்ட் பூசியோ காற்றுப் புகாமல் அடைப்பதும் இதே வம்பைக் கொண்டுவரும். இந்த வீட்டில் பெயிண்ட் அடித்தவர்கள் வாயைச் சுற்றிப் பழைய துணி திணித்திருந்தார்கள், நாற்றம் வராமல் இருக்க என்று நினைத்திருக்கலாம். அதையும் எடுத்தேன்.

புதுக் குழாயை மாட்டி, வளைவுக்குப் பிளாஸ்டிக் தாங்கி வைத்து, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டேன். தண்ணீர் ஏற்றிப் பக்கெட் இல்லாமல் நேராக வடிகாலுக்கே விட்டதில் இரண்டு நிமிடத்துக்குள் தொட்டி காலி. நீண்ட நேரம் அடைபட்ட குழாயை எதிர்த்து ஓடிய பம்பு என்பதால் பிளக்கைக் கழற்றி அதன் சுருளை மட்டும் அளந்தேன். இந்த வகைப் பம்புகள் பெரும்பாலும் 100 முதல் 200 ஓம் வரை காட்டும். இதுவும் அதற்குள்தான் இருந்தது. கதவுப் பூட்டைத் தொடவே இல்லை. தண்ணீர் போனதும் அது தானாக ‘டக்’ என்று விட்டது.

மகன் தொலைபேசியில் இன்னும் நாணயத்தை விடவில்லை. ‘அதுவும் ஒரு காரணம் இல்லையா அண்ணா?’ என்றார். இல்லை. வெள்ளையடிப்பதற்கு முன்பு வரை அதே நாணயத்தோடுதான் அந்த மெஷின் துவைத்துக்கொண்டிருந்திருக்கும். நாணயத்தின் ஓரம் சோப்புக் கசடு படிந்து கறுத்திருந்தது. நேற்று விழுந்த நாணயம் அப்படி இருக்காது. நாணயத்தை எடுத்த பிறகும் OE வந்தது, குழாயை மாற்றிய பிறகு வரவில்லை. இதற்கு மேல் அவரும் வாதிடவில்லை. குழாய்க்கும் வந்துபோனதற்கும் உரிய பணத்தை அன்றிரவே அனுப்பிவிட்டார், பணம் அனுப்பியதன் ஸ்கிரீன்ஷாட்டோடு, வழக்கம்போல ஒரு சொல்லும் இல்லாமல்.